கை ஓயாத ஆள் சேர்க்கும் குவியல்

லைனில் எல்லோருடைய கையும் ஓடிக்கொண்டிருந்தால் சூப்பர்வைசருக்கு நிம்மதி. லீன் உற்பத்திப் பயிற்சியில் விளையாடும் காகித விமான விளையாட்டு முதலில் கலைப்பது அந்த நிம்மதியைத்தான்.

ஐந்து பேர் வரிசையாக உட்காருவார்கள். ஆளுக்கொரு மடிப்பு. நான்கு பேருக்குத் தலா 10 விநாடி வேலை. நடுவில் இருப்பவருக்கு மட்டும் 20 விநாடி. ஐந்து தாள் சேர்ந்த பிறகே அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும் என்பது முதல் சுற்றின் விதி. நேரம் 5 நிமிடம்.

முதல் ஆள் 30 தாளை மடித்து முடித்திருப்பார். வெளியே வந்திருப்பதோ ஐந்தே விமானம். மீதி 25 மேசைகளில் கிடக்கும்; அதில் 15 நடு ஆளுக்கு முன்னால். எங்கே விரயம் என்று கேட்டால், 250 விநாடி சும்மா இருந்த கடைசி ஆளைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். முதல் ஆளை யாரும் காட்ட மாட்டார்கள்.

டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ ஏழு விரயங்களைச் சொன்னார்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, வேண்டாத வேலைப்பாடு, தேங்கும் சரக்கு, வீண் அசைவு, குறையுள்ள பொருள். இவற்றில் முதலாவதே மோசமானது என்பது அவர் கருத்து, மற்றவற்றை அதுதான் பெற்றெடுக்கிறது என்பதால். அந்த 15 தாளையே பாருங்கள். வைக்க இடம் வேண்டும், எண்ண வேண்டும், நகர்த்த வேண்டும். முதல் மடிப்பு கோணலாக இருந்தால் கடைசி ஆள் கைக்கு வந்த பிறகுதான் தெரியும்; அதற்குள் 25 தாள் கோணலாகியிருக்கும்.

இரண்டாம் சுற்றில் மேசைகளுக்கு நடுவே டேப் ஒட்டி ஒரு தாள் வைக்க மட்டும் கட்டம் போடுவார்கள். கட்டம் காலியானால்தான் அடுத்த தாளை மடிக்கலாம். 60-வது விநாடியில் முதல் விமானம், பிறகு 20 விநாடிக்கு ஒன்று, ஆக 13. யாருடைய கையும் வேகமாகிவிடவில்லை. கோணல் மடிப்பும் நான்கு தாளோடு பிடிபட்டுவிடும்.

இப்போது முதல் ஆள் பாதி நேரம் கைகட்டி உட்கார்ந்திருப்பார். பல சூப்பர்வைசர்களுக்கு இது பொறுக்காது. பயிற்சி தருபவர் அவசரப்படாமல் நின்று பேச வேண்டிய இடம் இதுதான் என்பேன். அவருடைய ஓய்வு நேரம் முன்பும் இருந்தது; யாரும் கேட்காத தாள்களுக்கு அடியில் மறைந்திருந்தது. வெளியே தெரிந்ததால், நடு ஆளின் வேலையைப் பிரித்து ஆளுக்கு 12 விநாடி ஆக்கலாம். அப்படிச் செய்தால் 21 விமானம் வரும். ஆனால் வாடிக்கையாளர் கேட்டது 13 என்றால், கூடுதல் எட்டும் விரயமே.

விளையாட்டில் இல்லாதது டை மாற்றும் நேரம். பிரஸ் ஷாப்பில் டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும்போது, ஒவ்வொன்றாக அடி என்பது நடக்காத பேச்சு. அதனால் இன்னொரு சுற்று வைப்பது நல்லது: தாளின் நிறம் மாறும்போதெல்லாம் நடு ஆள் 60 விநாடி காத்திருக்க வேண்டும். அடுத்த நிமிடமே, ஒரே நிறத்தில் நிறைய அடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே கேட்பார்கள். லாட் ஏன் பெருக்கிறது, முதலில் எந்த நேரத்தைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.