எந்தத் திட்டத்துக்கு எந்த மாடல்?

மென்பொருள் பொறியியல் தேர்வில் ஒரு திட்டத்தை விவரித்து, 'இதற்கு எந்த மாடல் பொருந்தும்? காரணம் கூறுக' என்று கேட்பார்கள். பல மாணவர்கள் அந்த மாடலின் படிகளை வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். மதிப்பெண் கிடைப்பதோ காரணத்துக்குத்தான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் உதவும். என்ன தேவை என்பது தொடக்கத்திலேயே உறுதியாகத் தெரியுமா? பிறகு மாற்ற நேர்ந்தால் எவ்வளவு இழப்பு?

நோயாளியின் உடலில் மருந்தை அளந்து செலுத்தும் கருவியை எடுத்துக்கொள்வோம். அளவும் எச்சரிக்கை ஒலியும் எப்படி இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுக்கலாம். கருவி மருத்துவமனைக்குப் போன பிறகு தெரியவரும் பிழை உயிரையே பறிக்கலாம். இங்கே ஒவ்வொரு படியையும் முடித்து, ஆவணப்படுத்தி, அடுத்ததற்குப் போகும் வாட்டர்ஃபால் பொருந்தும். ஒவ்வொரு வடிவமைப்புப் படிக்கும் இணையாக ஒரு சோதனையை வைக்கும் வி-மாடல் இன்னும் பொருத்தம். ஆனால் வாட்டர்ஃபால் படத்தை 1970இல் வரைந்த வின்ஸ்டன் ராய்ஸே, சோதனை கடைசியில் வருவதால் அது ஆபத்தானது என்று அதே கட்டுரையில் எச்சரித்திருந்தார்.

அந்த ஆபத்து நிஜமானது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யில். வழக்குக் கோப்புகளைக் கணினிக்கு மாற்ற, 800 பக்கங்களுக்கு மேல் தேவைகளை எழுதினார்கள். வேலை நடக்கும்போதே தேவைகள் மாறிக்கொண்டிருந்தன. புதிய அமைப்புக்கு ஒரே நாளில் மாறிவிடுவது என்றும் திட்டமிட்டிருந்தார்கள். சுமார் 17 கோடி டாலர் செலவான பின், 2005இல் திட்டம் கைவிடப்பட்டது.

அடுத்து வந்த 'சென்டினல்' திட்டத்தை நான்கு பெரிய கட்டங்களாகப் பிரித்தார்கள். அதுவும் தாமதமாகி, செலவு ஏறியது. 2010இல் எஃப்.பி.ஐ. வேலையைத் தன் கையில் எடுத்து, சிறு குழுவோடு அஜைல் முறைக்கு மாறியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, முடிந்த பகுதியை இயக்கிக் காட்ட வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் இழப்பு இரண்டு வார உழைப்புதான். 2012 ஜூலையில் சென்டினல் பயன்பாட்டுக்கு வந்தது. தேவைகள் மாறக்கூடியவை, கருத்துச் சொல்லும் பயனாளர்கள் அருகிலேயே இருந்தார்கள், திரையை மாற்றுவது எளிது: அஜைல் பொருந்தியதற்கு இவையே காரணங்கள். பயனாளர் நேரம் ஒதுக்காத இடத்தில் இதே முறை திசை தெரியாமல் அலையும்.

தேவை தெரிந்தும், 'இந்தத் தொழில்நுட்பத்தால் இது முடியுமா?' என்ற சந்தேகம் இருந்தால் பேரி போம் முன்வைத்த ஸ்பைரல் பொருந்தும். ஒவ்வொரு சுற்றிலும் மிகப் பெரிய ஆபத்தை முதலில் எடுத்து, ஒரு முன்மாதிரி செய்து பார்த்துவிட்டே அடுத்த சுற்றுக்குப் பணம் ஒதுக்குவார்கள். ஆபத்தை எடைபோட அனுபவசாலிகள் தேவை என்பதால் சிறு திட்டத்துக்கு இது வீண் செலவு.

விடைத்தாளில் கேள்வியில் உள்ள ஒரு விவரத்தைச் சுட்டி, அதனால் இந்த மாடல் என்று எழுதுங்கள். கூடவே, எந்த விவரம் மாறினால் உங்கள் தேர்வும் மாறும் என்பதை ஒரு வரியில் சேருங்கள்.