மேல் வரியை நம்பாதே

கூட்டேரிப்பட்டில் மயிலம் போகும் பேருந்துக்காக நின்றிருந்தபோது கைபேசிக்கு ஒரு படம் வந்தது. எங்கள் ஊர்ப் பெண் அனுப்பியது. ஆய்வுக்காக ஆங்கிலத்தில் நூற்பட்டியல் தயாரிக்கிறாள். பழைய நூலகமொன்றின் மர இழுப்பறையிலிருந்து ஒரு பட்டியல் அட்டையைப் படமெடுத்திருந்தாள். "சார், உ.வே.சா. எழுதினதுன்னு போட்டிருக்கு. ஆனா அவர் நூல்கள்ல இந்தத் தலைப்பே இல்லையே?" என்று கேட்டிருந்தாள்.

அட்டையில் இருந்ததைச் சுருக்கி எழுதினால் இப்படி:

```
                சாமிநாதையர், உ. வே.
928.94811    ஜகந்நாதன், கி. வா.
ஜக              என் ஆசிரியப்பிரான்.

             1. சாமிநாதையர், உ. வே.
             I. தலைப்பு.
                     O
```

கீழே நடுவில் இருப்பது எழுத்தல்ல, துளை. இழுப்பறைக்குள் ஓடும் கம்பியில் அட்டைகளைக் கோத்து வைப்பதற்கானது. அட்டையின் அளவு உலகெங்கும் ஏறத்தாழ 12.5க்கு 7.5 சென்டிமீட்டர்.

அவள் தவறியது மேல் வரியில். ஒரே புத்தகத்துக்கு நூலகர் பல அட்டைகள் எழுதுவார். ஆசிரியர் பெயரில் தேடுபவருக்கு ஒன்று, தலைப்பில் தேடுபவருக்கு ஒன்று, பொருளில் தேடுபவருக்கு ஒன்று. எல்லாவற்றிலும் உள்ளடக்கம் ஒன்றுதான், உச்சியில் ஏற்றிய வரி மட்டும் மாறும். அந்த வரி இடப்பக்கத்திலிருந்து சற்று உள்ளே தள்ளித் தொடங்கும். பல நூலகங்களில் பொருள் தலைப்பைச் சிவப்பு மையில் அடிப்பார்கள். இங்கே சாமிநாதையர் உள்தள்ளி நிற்கிறார், ஜகந்நாதன் அவருக்குக் கீழே வெளியே நீட்டி நிற்கிறார். ஆக, ஆசிரியர் கி.வா.ஜ. உ.வே.சா. அந்த நூலின் பொருள். மாணவர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதியது அது. இந்த இரண்டு பெயரும் இடம் மாறினால் ஆங்கிலப் பட்டியலில் உ.வே.சா.வுக்கு அவர் எழுதாத ஒரு நூல் சேர்ந்துவிடும், கி.வா.ஜ.வுக்கு ஒன்று குறைந்துவிடும்.

ஐயம் தீர அட்டையின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். 1, 2 என்று சாதாரண எண்ணில் தொடங்குபவை பொருள் தலைப்புகள். I, II என்று ரோமன் எண்ணில் தொடங்குபவை கூடுதலாக எழுதிய மற்ற அட்டைகள்: தலைப்புக்கு, பதிப்பாசிரியருக்கு, மொழிபெயர்ப்பாளருக்கு. மேலே ஏறியிருக்கும் பெயர் கீழே 1 என்ற எண்ணோடு திரும்ப வருகிறதென்றால் அது பொருள்தான். படமெடுக்கும்போது பலரும் துளைக்குப் பக்கத்திலுள்ள இந்த வரிகளைத்தான் வெட்டிவிடுகிறார்கள். சில நூலகங்களில் இவை அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். அதனால் இரு பக்கத்தையும், நான்கு ஓரமும் தெரிய, பளிச்சொளி இல்லாமல் சன்னல் வெளிச்சத்தில் எடுக்கச் சொன்னேன்.

இடப்பக்கத்தில் இருக்கும் 928.94811 அலமாரிக் குறியீடு. டூயி பகுப்பில் 928 இலக்கியத்தாரின் வாழ்க்கை வரலாறு, அதன் பின் வருவது தமிழைக் குறிப்பது. இதை மொழிபெயர்க்கவே கூடாது, புள்ளி பிசகாமல் படியெடுக்க வேண்டும். அட்டையில் புள்ளியே இல்லாத முழு எண் ஒன்றும் இருக்கலாம். அது புத்தகம் நூலகத்துக்கு வந்த வரிசையில் கொடுத்த பதிவு எண், அலமாரியில் தேட உதவாது.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் உருவாக்கி 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பைப் பின்பற்றிய அட்டை என்றால் குறியீட்டின் முகமே வேறு. பாரதியின் கவிதைக்கு O31,1M82 என்று வரும். O இலக்கியம், 31 தமிழ், 1 கவிதை. M என்பது 1800களைச் சுட்டும் எழுத்து, 82ஐச் சேர்த்தால் பாரதி பிறந்த 1882. மங்கலான படத்தில் O என்ற எழுத்தைச் சுழியம் என்று படித்துவிட்டால் இலக்கியம் என்ற துறையே காணாமல் போகும். ரங்கநாதன் முறையில் இந்தக் குறியீடு பென்சிலில் எழுதப்படுவதால் படத்தில் மங்குவதும் அதுதான் முதலில். எனக்கு அந்த M82 மீது தனிப் பிரியம் உண்டு. ஒரு கவிஞரின் பிறந்த ஆண்டையே அலமாரியில் அவருக்கு முகவரியாக்கியிருக்கிறார் ரங்கநாதன்.

அட்டையிலுள்ளதை இப்படி ஆசிரியர், தலைப்பு, பொருள், குறியீடு என்று பிரித்த பிறகுதான் மொழிபெயர்ப்பு. அதிலும் பெரும்பகுதி மொழிபெயர்ப்பே அல்ல. ஆசிரியர் பெயரை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்க்கிறோம். முன்னெழுத்துகளில் கவனம் வேண்டும்: 'வே'யும் 'வா'வும் ஆங்கிலத்தில் வெறும் 'வி' ஆகிவிடுவதால், தமிழ் முன்னெழுத்தையும் அருகில் வைத்துக்கொள்வது நல்லது. தலைப்பையும் முதலில் ஒலிபெயர்த்து, பொருளை அடைப்புக்குள் தருகிறோம், ஏனென்றால் புத்தகத்தின் முகப்பில் தமிழ்த் தலைப்புதான் இருக்கிறது. பொருள் தலைப்புக்கு மட்டுமே உண்மையான மொழிபெயர்ப்பு. அதையும் நமக்குத் தோன்றிய சொல்லில் எழுதாமல், நூலகங்கள் ஏற்கெனவே பயன்படுத்தும் ஆங்கிலத் தலைப்பைத் தேடி எடுக்க வேண்டும். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' அவருடைய தன்வரலாறு. தலைப்பிலுள்ள 'சரித்திரம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வரலாறு என்று பொருள் குறித்தால் அது தவறான அலமாரிக்குப் போய்விடும்.

மயிலம் போவதற்குள் அவளிடமிருந்து இரண்டாவது படம் வந்தது, அட்டையின் பின்பக்கம். வெறுமையாக இருந்தது. கூடவே நான்கு வரிகள்: ஆசிரியர் ஜகந்நாதன், தலைப்பு என் ஆசிரியப்பிரான், பொருள் சாமிநாதையர், குறியீடு 928.94811 ஜக.