வயிற்றுப்போக்கை மாத்திரையால் நிறுத்தலாமா?

வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை. குடல்சுவரின் நரம்புகளை அடக்கி, அதன் அசைவை மந்தமாக்குகிறது, அவ்வளவுதான். காய்ச்சலும் ரத்தமும் இல்லாமல் தண்ணீராகப் போகும் பெரியவருக்கு ஓரிரு நாள் இது உதவும். மலத்தில் ரத்தமோ கடுங்காய்ச்சலோ இருந்தால் கதை வேறு. ஷிகெல்லா போன்ற கிருமி குடல்சுவரையே குடைகிறது. அப்போது குடலை நிறுத்துவது, சாக்கடை பொங்கும்போது வாய்க்காலை அடைப்பது போல. இதே வகையைச் சேர்ந்த லோமோடிலை ஷிகெல்லா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த 1973 ஆய்வில் காய்ச்சல் நீடித்தது. அரிதாகப் பெருங்குடல் உப்பிக் கிழியவும் கூடும்; வயிறு உப்பி வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

“மாத்திரை போடாவிட்டால் உடலில் நீர் வற்றிவிடுமே?” என்பீர்கள். நியாயம்தான். ஆனால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டுவது ஓ.ஆர்.எஸ். கரைசல், மாத்திரையல்ல. குழந்தைகளுக்கோ மருத்துவர் சொல்லாமல் இந்த மாத்திரையைக் கொடுக்கவே கூடாது.