கையுறைப் பெட்டி அட்டையில் ஒரு 38

கையுறைப் பெட்டியிலிருந்து கிழித்த ஓர் அட்டைத் துண்டு. ஓடும் வண்டியில் எழுதியதால் எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது:

"ஆண் 61. சுகர். மாத்திரை 8க்கு, சாப்பிடல. 9.30 நல்லா பேசினார். மயக்கம், வலது கை தொங்குது. 38. பிபி 160/90. பல்ஸ் 112. டாக்டர் ஓகே. 25% 100 இடது கை. முழிச்சுட்டார். 142. 118. சர்க்கரைத் தண்ணி ஊத்தினாங்க."

இது எந்தத் தனி மனிதரின் கேஸும் அல்ல. 108 வண்டியில் போகும் மருத்துவ உதவியாளர் ராத்திரியில் சந்திக்கக்கூடிய ஒரு கேஸை, விளக்குவதற்காக நானே எழுதிக்கொண்டேன். நோயாளியை ஒப்படைத்த கையோடு, அவசரப் பிரிவு வராந்தாவில் பத்து நிமிடம் உட்கார்ந்து இந்தக் கிறுக்கலை ஒழுங்கான பதிவுத்தாளாக அவர் மாற்ற வேண்டும். நேரங்கள், உடல் அளவீடுகள், கொடுத்த சிகிச்சை, ஒப்படைப்பு என்று நான்கு பகுதி.

முதலில் நேரம். 10.42க்கு அழைப்பு, 10.44க்கு வண்டி கிளம்பியது, 10.57க்கு வீட்டு வாசல். இவை கட்டுப்பாட்டு அறைக் கணினியில் இருக்கும். வீடு இரண்டாவது மாடி. நோயாளியின் அருகே போய்ச் சேர்ந்தது 10.59. இந்த நேரம் எந்தக் கணினியிலும் இருக்காது, உதவியாளர்தான் எழுத வேண்டும். வாசலுக்கும் கட்டிலுக்கும் இடையில் போகும் நிமிடங்களைச் சிகிச்சை தாமதமானதாக யாரும் பிற்பாடு எண்ணிவிடக் கூடாது.

இவற்றை விடவும் முக்கியமான நேரம் ஒன்று உண்டு. மனைவி அவரை மயங்கிய நிலையில் பார்த்தது 10.35க்கு. அதையே 'நோய் தொடங்கிய நேரம்' என்று எழுதிவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. அவர் கடைசியாக நன்றாகப் பேசியது 9.30. நடுவில் எப்போது மயங்கினார் என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை இது பக்கவாதமாக இருந்தால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட நான்கரை மணி நேரம்தான் அவகாசம். அதை நல்ல நிலையில் கடைசியாகப் பார்த்த நேரத்திலிருந்துதான் மருத்துவர் கணக்கிடுவார். ஆகவே தாளில் இரண்டு நேரமும் தனித்தனியே இருக்கும், 'மனைவி சொன்னது' என்ற குறிப்போடு.

அடுத்தது அந்த 38. குளுக்கோமீட்டரின் நினைவகத்தைத் தட்டிப் பார்த்தால் அந்த அளவு 10.46க்கு எடுத்ததாகக் காட்டுகிறது. அப்போது வண்டி வீட்டுக்கே வந்து சேரவில்லை! இது அபூர்வமான விஷயமல்ல. பேட்டரி மாற்றியபின் மீட்டரின் கடிகாரத்தைச் சரிசெய்ய மறந்துபோயிருப்பார்கள். இதற்கு ஊகம் வேண்டாம். மீட்டரையும் கட்டுப்பாட்டு அறையோடு நேரம் ஒத்திருக்கும் கைப்பேசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்: மீட்டர் 14 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. 10.46 என்பது உண்மையில் 11.00. 142 என்பது 11.21, 118 என்பது 11.34. திருத்திய நேரத்தை எழுதி, 'மீட்டர் 14 நிமிடம் பின், திருத்தப்பட்டது' என்று ஓரத்தில் குறித்துவிட வேண்டும். சத்தமில்லாமல் திருத்தினால், நாளை மீட்டரையும் தாளையும் ஒப்பிடுபவர் தாளைத்தான் சந்தேகிப்பார்.

இனி அளவீடுகள். ஒரு வேளைக்கு ஒரு வரி. வரியின் தலையில் நேரம்.

11.00: நாடி 112, ரத்த அழுத்தம் 160/90, மூச்சு 20, ஆக்சிஜன் 96, சர்க்கரை 38, நினைவு 9 (கண் 2, பேச்சு 2, அசைவு 5). வலது கை பலவீனம்.

11.21: நாடி 94, 148/86, மூச்சு 18, ஆக்சிஜன் 98, சர்க்கரை 142, நினைவு 15. இரு கைகளும் சமம்.

11.34: நாடி 90, ரத்த அழுத்தம் எடுக்கவில்லை (வண்டி குலுக்கல்), மூச்சு 18, ஆக்சிஜன் 98, சர்க்கரை 118, நினைவு 15.

அட்டையில் நாடியும் பிபியும் ஒரு தடவைக்குத்தான் இருக்கின்றன. மற்றவை மானிட்டரின் நினைவகத்திலிருந்து வந்தவை. கடைசி வரியில் அழுத்தம் அங்கேயும் இல்லை. அந்த இடத்தில் 146/84 என்று போட்டு வரிசையை அழகாக்கக் கை துடிக்கும். கூடவே கூடாது. எடுக்காததை எடுக்கவில்லை என்று எழுதினால் மருத்துவர் உடனே தானே எடுத்துப் பார்ப்பார். பொய் எண் இருந்தால் பார்க்க மாட்டார். நினைவு அளவையும் மொத்தமாக 9 என்று மட்டும் எழுதாமல் மூன்று கூறுகளாகப் பிரித்து எழுதுவதன் காரணம், கண் திறக்காதவரும் பேச்சு வராதவரும் ஒரே மொத்தத்தில் ஒளிந்துகொள்ளலாம் என்பதுதான்.

சிகிச்சைப் பகுதியில் ஒவ்வொன்றுக்கும் மருந்து, அளவு, வழி, நேரம், பலன் ஐந்தும் வேண்டும். 11.03க்குக் கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு ஒப்புதல். 11.06க்கு இடது கை நரம்பு வழியாக 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி தொடக்கம், 11.12க்கு முடிவு, அதாவது 25 கிராம் குளுக்கோஸ். 11.15க்குக் கண் விழித்துப் பெயர் சொன்னார், வலது கையைத் தூக்கினார். வண்டி வருமுன் பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியதும் இங்கே சேரும். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மயங்கியவர் வாயில் ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். காலையில் காய்ச்சலும் இருமலும் வந்தால் மருத்துவருக்கு இந்த ஒரு வரி வேண்டும்.

இப்போது வரிசை கலைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 'மயக்கம், டெக்ஸ்ட்ரோஸ் கொடுக்கப்பட்டது, சர்க்கரை 142, நினைவு உண்டு' என்று மட்டும் ஒரு தாள் வருகிறது. எழுதியதில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் ஊசிக்கு முந்தைய 38 அதில் இல்லை. கை தொங்கியதை வீட்டார் சொன்னால், மருத்துவர் வந்துபோன பக்கவாதத்தைத் தேடப் போவார். அல்லது, தெளிந்துவிட்டாரே என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார். இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. அவர் போட்ட மாத்திரை கிளிமிபிரைடு. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், ஏறக்குறைய ஒரு நாள் வரை. நரம்பில் ஏற்றிய குளுக்கோஸ் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காது. 142 பதின்மூன்று நிமிடத்தில் 118 ஆனதைப் பார்த்தோமே. இறங்கும் வழியில் இருக்கிறது என்று அந்த இரண்டு எண்களும் சேர்ந்தால்தான் தெரியும். நள்ளிரவுக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில், அவர் மறுபடி மயங்கலாம்.

ஒப்படைப்பில் உதவியாளர் வாயால் சொல்வது அரை நிமிடத்துக்கு மேல் போகாது:

"மேடம், 61 வயசு, சுகர் பேஷண்ட். எட்டு மணிக்குக் கிளிமிபிரைடு போட்டுட்டு சாப்பிடாம படுத்துட்டார். ஒன்பதரைக்குக் கடைசியா நல்லா பேசியிருக்கார். நாங்க பார்க்கும்போது சுகர் 38, வலது கை வீக்னஸ். பதினொண்ணு ஆறுக்கு 25 பர்சென்ட் நூறு மில்லி போட்டோம், கை சரியாயிடுச்சு. 142 இருந்தது, இப்போ 118. பிபி ரெண்டாவது தடவைக்கு அப்புறம் எடுக்கல."

எண்ணைச் சொல்லிவிட்டு, எடுக்காததையும் சொல்லி முடிக்கிறார். தாளில் 11.36க்கு மருத்துவமனை, 11.42க்குப் பொறுப்பு மருத்துவரிடம் ஒப்படைப்பு, அவர் கையெழுத்து. கூடவே, வீட்டிலிருந்து கையோடு கொண்டுவந்த மாத்திரை அட்டையும் ஒப்படைக்கப்பட்டது என்று ஒரு வரி.

அடுத்த அழைப்பு வருவதற்குள் செய்ய இன்னும் ஒரு வேலை இருக்கிறது. குளுக்கோமீட்டரின் பொத்தானை அழுத்திப் பிடித்து, கடிகாரத்தை 14 நிமிடம் முன்னே நகர்த்த வேண்டும்.