கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய பிரிவு

முகப்பூச்சு நிறுவனம் ஒன்றுக்கு மூன்று ரீல்ஸ் போட இன்ஸ்டாகிராம் பிரபலம் ஒருவர் ஒப்புக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை முறை திருத்தச் சொல்லலாம், எத்தனை நாள் நீக்காமல் வைக்க வேண்டும் என்பதையும் எழுதிவிட வேண்டும். இது விளம்பரம் என்று கண்ணில் படும்படி அறிவிப்பது அவர் கடமை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் தோன்றினால் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விழலாம்.

ஆனால் பலர் மாட்டிக்கொள்வது நன்னடத்தைப் பிரிவில்தான். ‘களங்கம் என்று நிறுவனம் கருதினால்’ என்று மட்டும் இருந்தால், பழைய பதிவு ஒன்றைக் காட்டியே ஒப்பந்தத்தை முறித்துவிடலாம். எவை களங்கம், விளக்கம் தர எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டு ரீல்ஸ் வெளியானபின் முறிந்தால் அந்த இரண்டுக்கும் பணம் உண்டு என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.