மணி ஒலித்ததும் எதைப் பார்க்கிறீர்கள்?

கணினித் திரையின் முன் நெடுநேரம் பணியாற்றுவோர் 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தொலைவிலுள்ள ஒரு பொருளை 20 விநாடிகள் பார்க்க வேண்டும் என நாங்கள் அறிவுறுத்துகிறோம். நினைவூட்டு மணி வைத்தும் பயனில்லை என்று கூறுவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, மணி ஒலித்ததும் எதைப் பார்க்கிறீர்கள் என்பதே. கைப்பேசியை என்பதே பலருடைய விடை.

அருகிலுள்ளதைப் பார்க்கும்போது கண்ணினுள் உள்ள சிறு தசையொன்று சுருங்கி, விழிவில்லையைத் தடிப்பாக்குகிறது. பொருள் எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவுக்குச் சுருக்கமும் மிகும். அரை மீட்டர் தொலைவிலுள்ள திரைக்குத் தேவைப்படும் முயற்சி 2 டயாப்டர், 30 செ.மீ. தொலைவில் பிடித்த கைப்பேசிக்கு அது 3-க்கும் மேல். 20 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 6 மீட்டருக்கு அப்பால் பார்க்கும்போது அம்முயற்சி மிகவும் குறைந்து, தசை தளர்கிறது. ஆகவே திரையிலிருந்து கைப்பேசிக்குத் தாவுவது ஓய்வன்று, கூடுதல் உழைப்பு.

ஓர் அலுவலகக் கணக்கரை எடுத்துக்கொள்வோம். கைப்பேசியில் மணி வைத்திருக்கிறார். அதை நிறுத்தும்போதே குறுஞ்செய்திகளையும் படித்துவிடுகிறார். பிற்பகலில் எண்கள் மங்குகின்றன, நெற்றி வலிக்கிறது. அவர் நினைவூட்டலைக் கணினிக்கு மாற்றிக் கைப்பேசியை மேசை இழுப்பறையில் வைக்கலாம். சன்னலுக்கு வெளியே ஒரு மரத்தையோ எதிர்வீட்டு மாடித் தொட்டியையோ குறியாகக் கொள்ளலாம். சன்னல் இல்லையெனில் நடைகூடத்தின் மறுகோடி போதும். எட்டு மணி நேரத்தில் இது 24 முறை வரும்; மொத்தம் எட்டு நிமிடங்களே.

தொலைவில் பார்த்த முதல் சில விநாடிகள் குறி மங்கலாகத் தெரிந்து பின் தெளிந்தால், தசை இறுகியிருந்து தளர்ந்தது என்று அறியலாம். அந்த 20 விநாடிகளில் இமைகளை முழுவதும் மூடித் திறந்து மெல்லச் சிமிட்டுவதும் தேவை. திரையைப் பார்க்கையில் சிமிட்டல் குறைவதால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து, மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் உண்டாகிறது.

இம்முறை சோர்வைக் குறைக்குமேயன்றி, கண்ணாடியின் பவரை மாற்றாது. நாற்பதைக் கடந்தோர்க்கு எழுத்தைத் தள்ளிப் பிடித்தால்தான் தெரிகிறதெனில், அது வெள்ளெழுத்தாக இருக்கலாம். அதற்கு உரிய கண்ணாடியே தேவை. இரு வாரங்கள் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் தலைவலியோ மங்கலோ நீடித்தால் பரிசோதனைக்கு வாருங்கள். திடீரெனப் பார்வை குறைதல், கடுமையான கண்வலி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றுதல் ஆகியவை திரைச் சோர்வின் அறிகுறிகள் அல்ல. அவை தோன்றினால் அன்றே மருத்துவரைக் காணுங்கள்.