இலவச விளையாட்டு, நானூறு டாலர் கதாபாத்திரம்

சீனாவின் மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பரில் வெளியிட்ட ‘கென்ஷின் இம்பாக்ட்’ விளையாட்டைத் தரவிறக்கக் காசு வேண்டாம். கதை முழுவதையும் இலவசமாகவே ஆடி முடிக்கலாம். வருமானம் புதிய கதாபாத்திரங்களிலிருந்து வருகிறது. ஒவ்வொன்றும் சுமார் மூன்று வாரங்களுக்குத்தான் கிடைக்கும். அதுவும் நேரடி விற்பனைக்கு இல்லை, குலுக்கலில்தான் கிடைக்கும்.

ஒரு குலுக்கலுக்கு 160 ‘பிரிமோஜெம்’ தேவை. பணம் கொடுத்தால் முதலில் வேறொரு வகைக் கல் வரும். அதைப் பிரிமோஜெம்மாக மாற்றி, பிறகு குலுக்கல் சீட்டாக மாற்ற வேண்டும். ஒரு டாலர் பொதியில் 60 கற்கள்தான். ஒரு குலுக்கலுக்குக்கூட அது போதாது. நூறு டாலர் பொதியில் 8,080 கற்கள், அதாவது 50 குலுக்கல்கள். மிச்சம் 80 கற்கள் கணக்கில் தங்கி, அடுத்த பொதிக்கு ஆசை காட்டும். இத்தனை மாற்றங்களுக்குப் பிறகு ஒரு குலுக்கலின் விலை இரண்டு டாலர் என்பது யார் கண்ணிலும் படாது.

உயர்ந்த வகைக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். 90ஆவது முறைக்குள் ஒன்று நிச்சயம் விழும். ஆனால் அது நாம் விரும்பியதாக இருக்கும் என்ற உறுதி இல்லை. வேறொன்றாகவும் இருக்கலாம். அப்படித் தவறினால் அடுத்தது கட்டாயம் நாம் கேட்டதுதான். ஆகவே மிக மோசமான நிலையில் 180 குலுக்கல்கள் ஆகும். முதல்முறை வாங்குவோருக்கான இரட்டிப்புச் சலுகை தீர்ந்தவருக்கு இது 350 டாலரைத் தாண்டும். நூறு டாலர் பொதிகளாகவே வாங்கினால் நான்கு பொதிகள், 400 டாலர். சராசரியாகப் பார்த்தாலும் 180 டாலர் அளவுக்கு வரும். அதே கதாபாத்திரத்தை முழு வலிமைக்குக் கொண்டுவர ஏழு பிரதிகள் தேவை என்பதால், அதற்கு ஆயிரம் டாலருக்கும் மேல் செலவாகும்.

குறைந்த செலவிலும் ஆடலாம். ஐந்து டாலர் மாதச் சந்தா மொத்தம் 3,000 கற்கள் தருகிறது; அதே பணத்துக்குப் பொதியில் கிடைப்பது இதில் ஒரு சிறு பகுதிதான். ஆனால் பெரும்பகுதி நாளுக்கு 90 வீதமாகத்தான் வரும். உள்நுழையாத நாளின் பங்கு போய்விடும். இங்கே பணத்தோடு அன்றாடப் பழக்கமும் விலையாகிறது.

இந்த மறைப்பைத்தான் அமெரிக்க வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2025 ஜனவரியில் நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. 16 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் சம்மதமின்றி இத்தகைய குலுக்கல்களை விற்கவும் தடை வந்தது.

வாங்குமுன் விளையாட்டின் குலுக்கல் வரலாற்றைத் திறந்து, கடைசி உயர்வகைக் கதாபாத்திரத்துக்குப் பின் எத்தனை முறை இழுத்திருக்கிறீர்கள், அப்போது விழுந்தது நீங்கள் கேட்டதுதானா என்று பாருங்கள். உறுதியான வெற்றிக்கு மீதமுள்ள குலுக்கல்களை இரண்டு டாலரால் பெருக்குங்கள். அந்தத் தொகையைக் கொடுக்க மனம் வராவிட்டால், முதல் பொதியையும் வாங்க வேண்டாம்.